‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்றால் எப்போது?

செவில்லில் எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்த அம்மாவுக்கு மாட்ரிட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன்: ‘எஸ்தோய் யெகாந்தோ’. சனிக்கிழமை வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்ததால் நாளைக் குறிப்பிடவில்லை. அன்று வியாழன். அவரோ உடனே சாவியோடு வாசலுக்கு இறங்கி வந்து காத்திருந்தார்!

நான் ஆங்கிலத்தில் யோசித்து எழுதியதுதான் கோளாறு. ‘ஐ யம் அரைவிங்’ என்றால் சனிக்கிழமை வருவதையும் குறிக்கலாம். ஸ்பானிஷில் அப்படியில்லை. ‘எஸ்தோய்’ உடன் ‘ஆந்தோ’ அல்லது ‘இயெந்தோ’ என்று முடியும் வினை சேர்ந்தால், அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்க வேண்டும். நான் எழுதியதற்குப் பொருள், ‘இதோ, வந்துவிட்டேன்’. சனிக்கிழமைக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்: ‘யேகோ எல் சாபதோ’.

பிறகுதான் உறைத்தது. தமிழிலும் ‘சனிக்கிழமை வர்றேன்’ என்றுதானே சொல்கிறோம்? ‘சனிக்கிழமை வந்துகொண்டிருக்கிறேன்’ என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா?

இன்னோர் இடத்திலும் தமிழ் கைகொடுக்கிறது. நாற்காலியில் இருப்பவரை ஆங்கிலத்தில் ‘சிட்டிங்’ என்கிறோம். அதை அப்படியே மாற்றி ‘எஸ்தா செந்தாந்தோசே’ என்றால், அவர் இப்போதுதான் நாற்காலியில் உட்காரப் போய்க்கொண்டிருக்கிறார். இன்னும் உட்கார்ந்து முடிக்கவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்தவருக்கு ‘எஸ்தா செந்தாதோ’. நம் ‘உட்கார்ந்திருக்கிறார்’ போலத்தான். நிற்பது, படுத்திருப்பது, தூங்கிப்போனது போன்றவற்றில் கவனம் தேவை. நடக்கும் செயலா, முடிந்தபின் தொடரும் நிலையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலை என்றால் ‘ந்தோ’ வேண்டாம். ஆனால் தூக்கத்தில் இருப்பவருக்கு ‘எஸ்தா துர்மியெந்தோ’ சரிதான். தூங்குவதும் நடந்துகொண்டிருக்கும் செயலாகவே அங்கு எண்ணப்படுகிறது.

தமிழ் உதவாத இடம் ஒன்று உண்டு. ‘நீந்துவது நல்லது’ என்பதில் நாம் ‘நீந்துவது’ என்று பெயராக்குகிறோம். ஆங்கிலம் ‘சுவிம்மிங்’ என்கிறது. ஸ்பானிஷ் இரண்டையும் விட்டுவிட்டு, அகராதியில் இருக்கும் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது: ‘நதார் எஸ் புவேனோ’. ‘நதாந்தோ’ என்று எழுவாயாக வைத்தால் அது பிழை. ‘சாப்பிடுவதற்கு முன்’ என்பதும் ‘ஆந்தெஸ் தே கொமேர்’ தான். ‘கொமியெந்தோ’ அங்கே வராது.

ஸ்பானிஷ் பழகுகிறவர்களுக்கு இதுதான் என் யோசனை: ‘இங்’கைப் பார்த்ததும் கை ‘ந்தோ’வுக்குப் போனால், ஒரு நொடி நிறுத்தி, அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘கொண்டிருக்கிறேன்’ இயல்பாக வந்தால் பெரும்பாலும் ‘ந்தோ’ போடலாம். வராவிட்டால் போடாதீர்கள்.

அந்த அம்மாவுக்குச் சனிக்கிழமை ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன். கதவைத் திறந்ததும் அவர் கேட்டார்: ‘இன்றைக்கு நிஜமாகவே வந்துவிட்டாயா?’