‘மாலை 7 மணி, IST’: யாருடைய மாலை?

இந்தியப் பல்கலைக்கழகத் துறைகள் பணிபுரிவோருக்காக நடத்தும் இணையவழிக் கருத்தரங்குகளின் அறிவிப்பு வாசகம் அநேகமாக ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. ‘பணி முடிந்த மாலைப் பொழுதில் ஓர் ஆய்வுரை. இந்தப் புதன்கிழமை, மாலை 7 மணி, IST. உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையலாம். நேரலையில் கலந்துகொள்வோருக்கு மட்டுமே சான்றிதழ். அனைவரும் வருக.’ மேலே பேச்சாளரின் படம், கீழே துறையின் முத்திரை. எழுதியவர் கடமை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்.

இந்த ஐந்து தொடர்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன. மூன்றாம் தொடர் வாக்களிக்கும் உலகத்தை முதல் தொடரும் இரண்டாம் தொடரும் முன்னரே விலக்கிவிட்டன. நான்காம் தொடரோ விலக்கப்பட்டவருக்குத் தண்டனையும் விதிக்கிறது. இதை வடிவமைப்புக் குறை என்று கடந்துபோவது பிழை. இது மொழிப் பிழை. அதுவும் மொழியைக் கற்பிக்கும் துறைகளே செய்யும்போது பொறுக்கத்தகாத பிழை.

சுட்டுச்சொற்களைப் பற்றிய பாடம் மொழியியல் முதலாண்டிலேயே தொடங்கிவிடுகிறது. ‘இன்று’, ‘நாளை’, ‘இங்கே’, ‘இந்த வாரம்’ ஆகியவற்றின் பொருள் சொல்லுக்குள் இல்லை. சொல்பவர் நிற்கும் இடத்திலும் பொழுதிலும் இருக்கிறது. அந்த நிலைப்புள்ளிக்குக் கார்ல் பியூலர் 1934இல் ‘ஓரிகோ’ என்று பெயரிட்டார். 1971இல் சாந்தா குரூசில் ஆற்றிய சொற்பொழிவுகளில் சார்லஸ் ஃபில்மோர், செய்தி ஆக்கப்படும் நேரமும் அது படிக்கப்படும் நேரமும் வேறுபடும்போது சுட்டுச்சொற்கள் என்னவாகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தார். தமிழுக்கு இது புதுச் செய்தியும் அன்று. ‘வா’, ‘தா’ ஆகியவை தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, ‘செல்’, ‘கொடு’ ஆகியவை படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே பிரித்துவைத்தது. ‘அனைவரும் வருக’ என்பவர் தம்மை மையத்தில் நிறுத்திக்கொண்டே அழைக்கிறார். அழைப்பில் அது தவறன்று. ஆனால் மையம் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் அழைப்பது தவறு.

‘IST’ என்ற மூன்றெழுத்து அதைச் சொல்லிவிடுகிறதே என்பர். சொல்லவில்லை. இந்தியாவின் சீர்நேரத்துக்கு மட்டுமன்றி, அயர்லாந்தின் சீர்நேரத்துக்கும் இஸ்ரேலின் சீர்நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான். அயர்லாந்தில் கோடைக்கால நேரமே சட்டப்படி ‘சீர்நேரம்’. அது உலகப் பொதுநேரமான UTCக்கு 1 மணி முன்னே ஓடுவது. இந்திய நேரமோ ஐந்தரை மணி முன்னே. ஆகவே டப்ளினில் மருத்துவமனைப் பணியில் இருக்கும் ஒருவர் அக்டோபர் நடுவில் ‘7 மணி, IST’ என்று படித்துத் தம் ஊர் நேரம் என்று கொள்வாரானால், அவர்மீது குற்றமில்லை. அவர் தம் ஊரின் அதிகாரபூர்வமான பெயரையே படித்தார். அவர் இணைப்பைத் திறக்கும்போது கூட்டம் தொடங்கி நாலரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இனித் தொடர் கருத்தரங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 22, 29, நவம்பர் 5 ஆகிய மூன்று புதன்கிழமைகளிலும் இந்திய நேரம் மாலை 7 மணிக்கு உரைகள். ஹைதராபாத்திலோ புனேயிலோ இருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே பொழுது. டப்ளினில் முதல் உரை பிற்பகல் 2.30க்கு, அடுத்த இரண்டும் 1.30க்கு. ஏனெனில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறான 26ஆம் தேதி கடிகாரத்தைப் பின்னே திருப்பியது. டொராண்டோவில் முதல் இரண்டு உரைகள் காலை 9.30க்கு, மூன்றாவது 8.30க்கு. வட அமெரிக்காவின் பெரும்பகுதி அதைச் செய்தது நவம்பர் முதல் ஞாயிறான 2ஆம் தேதி. முதல் உரைக்குச் சரியாக வந்து, அதே மணியைத் தம் நாட்குறிப்பில் மூன்று வாரங்களுக்கும் குறித்துக்கொண்ட ஒருவர், டப்ளினில் இருந்தால் இரண்டாம் வாரத்திலும், டொராண்டோவில் இருந்தால் மூன்றாம் வாரத்திலும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். ஒழுங்காக வருபவரே தவறும்படி அமைந்த அறிவிப்பு இது.

இந்திய அமைப்பாளர்கள் இதைக் கவனியாததற்குக் காரணம் உண்டு. இந்தியக் கடிகாரம் ஆண்டு முழுவதும் நகர்வதில்லை. கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகையை ஒட்டி நாடு முழுமைக்கும் ஒரே நேரம். தன் கடிகாரம் நகராதவருக்குப் பிறர் கடிகாரம் நகர்வது கண்ணில் படுவதில்லை. காரணம் புரிகிறது. ஆனால் காரணம் இருப்பது நியாயம் ஆகிவிடாது.

சிட்னியின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே அந்த மூன்று உரைகளும் தொடங்கும்போது நாள்காட்டியில் வியாழக்கிழமை பிறந்து அரை மணி ஆகியிருக்கும். இதைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘புதன் நள்ளிரவு 12.30’ என்பது பேச்சு வழக்கு. தமிழர் வழக்கில் இரவு, முந்திய பகலின் தொடர்ச்சி, விடிந்தால்தான் மறுநாள். கணினி நாள்காட்டிக்கோ நள்ளிரவோடு நாள் மாறிவிடுகிறது. ‘புதன் 12.30’ என்று அதில் பதிபவர் ஒரு நாள் முன்னதாகவே விழித்திருந்து வெற்றுத் திரையைப் பார்ப்பார். ‘வியாழன் இரவு 12.30’ என்று எழுதினாலோ, வழக்குப்படி படிப்பவர் ஒரு நாள் தாமதிப்பார். பிழையற்ற வடிவம் ஒன்றே: ‘வியாழன் 00.30, அதாவது புதன் இரவு கழிந்ததும்’. இரண்டு நாட்களையும் சொல்லி, எது எதன் பின் என்றும் சொல்ல வேண்டும்.

‘கைப்பேசியே நேரத்தை மாற்றிக் காட்டுமே’ என்பது வழக்கமான மறுமொழி. நாள்காட்டி அழைப்பாக அனுப்பினால், அதில் நேர வட்டாரம் Asia/Kolkata என்று சரியாகப் பதிந்திருந்தால், காட்டும். ஆனால் இந்த அறிவிப்புகள் பரவுவது படமாக. படத்தில் உள்ள ‘மாலை 7’ எந்தக் கருவியிலும் மாறாது. மூன்று குழுக்கள் தாண்டி வந்து சேரும்போது அதோடு வந்த விளக்கவுரை உதிர்ந்திருக்கும். படத்துள் எழுதப்பட்டது மட்டுமே மிஞ்சும். ஆகவே பொறுப்பு கருவியுடையதன்று, வாசகத்துடையது. அந்த வாசகம் தன்னந்தனியாகப் பயணித்தாலும் பொருள் கெடாதிருக்க வேண்டும்.

இரண்டாம் மறுமொழி இன்னும் அலட்சியமானது: ‘வேண்டியவர் கணக்கிட்டுக்கொள்ளட்டும்.’ ஒரு துறை ஒருமுறை செய்ய வேண்டிய கணக்கை இருநூறு பேர் தனித்தனியே செய்யட்டும் என்பதே இதன் பொருள். தவறு நேர்ந்தால் அதன் விலையையும் அவர்களே கொடுக்க வேண்டும். பணிபுரிவோர் ஒரு மணி நேரத்தைச் சும்மா பெறுவதில்லை. முறைமாற்றம் கேட்டுப் பெறுகின்றனர், அல்லது உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றனர். நேரலைக்கு மட்டுமே சான்றிதழ் என்ற விதியும் சேரும்போது, துறையின் சோம்பல் அவர்களது தகுதிக் குறையாகப் பதிவாகிறது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு திருத்தமான வாசகமும் பூமியின் சுழற்சியைத் திருத்தாது. பணிக்குப் பிந்திய பொழுது மாலை 6 முதல் இரவு 10 வரை என்று கொண்டால், நவம்பரில் இந்தியாவுக்கு அது 12.30 முதல் 16.30 UTC வரை. லண்டனுக்கு 18 முதல் 22 வரை. டொராண்டோவுக்கு 23 முதல் மறுநாள் 3 வரை. இம்மூன்றும் எங்கும் சந்திப்பதில்லை. எனவே ‘உலகெங்கும் பணி முடிந்தோருக்கு’ என்ற ஒற்றை அமர்வு எண்கணிதப்படியே இயலாதது. இயலாததை வாக்களிப்பதைக் காட்டிலும், யாருக்காக இந்த அமர்வு என்று சொல்வதே நாணயம். வட அமெரிக்காவும் வேண்டுமென்றால், வியாழன் காலை இந்திய நேரம் 6.30க்கு இரண்டாம் அமர்வு வைக்கலாம். டொராண்டோவில் அது புதன் இரவு 8 மணி. அப்போது லண்டனில் இரவு 1 மணி. அவர்களுக்கு ஒளிப்பதிவுதான் வழி. அந்த வழிக்கும் சான்றிதழ் இருக்க வேண்டும்.

அப்படியானால் மூன்றாம் உரைக்கான வாசகம் இவ்வாறு அமையும்:

‘2025 நவம்பர் 5, புதன். இந்திய நேரம் 19.00 முதல் 20.15 வரை (UTC+05:30). தொடக்கம் 13.30 UTC. துபாய் 17.30, சிங்கப்பூர் 21.30, டப்ளின் 13.30, டொராண்டோ 08.30, சிட்னி வியாழன் (6ஆம் தேதி) 00.30, புதன் இரவு கழிந்ததும். சென்ற வாரத்துக்குப் பின் வட அமெரிக்கக் கடிகாரம் மாறியுள்ளது. இந்த அமர்வு ஆசியாவில் பணி முடிந்தோரை எண்ணி அமைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஒளிப்பதிவு 14 நாள் திறந்திருக்கும். அதைப் பார்த்து வினாக்களுக்கு விடையளிப்போருக்கும் சான்றிதழ் உண்டு.’

இதில் ‘மாலை’ இல்லை, ‘இந்தப் புதன்’ இல்லை, ‘உலகின் எந்த மூலை’யும் இல்லை. வாசகம் அழகு குறைந்துவிட்டது என்பவர் இருக்கக்கூடும். முந்தைய வாசகத்தின் அழகு, சொல்லாமல் விட்டதால் வந்தது. சொல்லாமல் விட்டதைச் சிட்னியிலும் டப்ளினிலும் இருப்பவர்கள் தம் உறக்கத்தாலும் விடுப்பாலும் ஈடுகட்டினர். வகுப்பறையில் சுட்டுச்சொற்களுக்கு மதிப்பெண் போடும் துறை, தன் அறிவிப்பிலும் அதே விடைத்தாளை ஒருமுறை திருத்திப் பார்க்கட்டும்.