மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு புகார்



முல்லைப் பெரியாறு அணை குறித்து நாம் வெளியிட்ட அட்டைப்படக் கட்டுரையைப் படித்துவிட்டு, கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தலைமுறைகளாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பம் அவருடையது. காலையில் மலையாளப் பத்திரிகையும் வாரம் ஒருமுறை நம் இதழும் படிப்பவர். “நீங்கள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அது ஒரு தரப்பின் கட்டுரை” என்று தொடங்குகிறது அவருடைய புகார். இப்படி எழுதுகிறவரைச் சட்டென்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட முடியாது. வாசகர் புகார்களைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது என்பதால், அந்தக் கட்டுரையையும் அதற்காகச் செய்தியாளர் எடுத்த குறிப்புகளையும் வாங்கி வரிவரியாகப் படித்தேன்.

அவருடைய முதல் குற்றச்சாட்டு நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றியது. அணை பாதுகாப்பானது என்ற முடிவுக்கு அத்தனை இடம் கொடுத்ததே தமிழ்நாட்டுக்குச் சாதகம்தான் என்கிறார். இதை நான் ஏற்கவில்லை. 1979இல் அணையின் உறுதி குறித்துக் கேள்வி எழுந்து, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு மேற்பகுதியில் கான்கிரீட் பளுவேற்றி, இரும்புக் கம்பிவடங்களால் அணையைப் பாறையோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டம் இயற்றியது. வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தது. 2014 மே 7ஆம் தேதி வந்த தீர்ப்பு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அணை பாதுகாப்பானது என்ற முடிவையும் உறுதி செய்தது. இரு மாநிலங்களும் வாதாடிய பிறகு வந்த தீர்ப்பு இது. இதைத் தமிழ்நாட்டின் கருத்தாகச் சுருக்கி, பக்கத்திலேயே ஓர் எதிர்க்கருத்தை அதே அளவில் வைத்தால் வாசகருக்குத் தவறான கணக்கைக் கொடுத்ததாகும். இரு தரப்புக்கும் பத்திக்குப் பத்தி சமமாக ஒதுக்குங்கள் என்ற அவருடைய யோசனையையும் இதே காரணத்தால் ஏற்க முடியவில்லை.

ஆனால் தீர்ப்பைச் சொன்ன கையோடு நம் கட்டுரை இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்திருக்கிறது: “இதன் பிறகும் கேரளத்தில் வேண்டுமென்றே பீதி கிளப்பப்படுகிறது.” இது தீர்ப்பில் இல்லை. யார் சொன்னது என்றும் கட்டுரையில் இல்லை. குறிப்புகளைப் பார்த்தேன். கம்பத்தில் ஒரு விவசாயச் சங்க நிர்வாகி பேசியது அது. அவருடைய பெயரோடு மேற்கோளாகப் போட்டிருந்தால் அது ஒருவரின் கருத்து. மேற்கோள் குறி போனதும் அது பத்திரிகையின் குரலாகிவிட்டது. நீதிமன்றத்தின் முடிவை அடுத்தே அது வருவதால், நீதிமன்றமே சொன்னதுபோல ஒரு பலமும் வாக்கியத்துக்கு ஏறிவிடுகிறது. ஒருதலைப்பட்சம் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது என்பது என் அனுபவம். இந்த இடத்தில் மட்டாஞ்சேரி வாசகர் சொல்வது முழுக்கச் சரி.

அவருடைய இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 2021 இறுதியைப் பற்றி நம் கட்டுரையில் இருப்பது ஒரே வரி: “நவம்பர் 30ஆம் தேதி நீர்மட்டம் 142 அடியை எட்டியது, உபரி நீர் கேரளப் பகுதிக்குத் திறக்கப்பட்டது.” எட்டியது உண்மை. திறந்ததும் உண்மை. அடுத்த சில நாள்களில் நடந்தது அந்த வரியில் இல்லை.

அனுமதித்த உச்சவரம்பில் அணை நிற்கும்போது, வந்து சேரும் நீரை வைத்துக்கொள்ள இடமில்லை. வடகிழக்குப் பருவமழை நேரம். வருகிற நீரை வந்தபடியே வெளியேற்ற வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் மதகுகள் இரவு நேரங்களில் திறக்கப்பட்டன. அந்த நீர் வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்குப் போகிறது. வழியில் ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தமிழ்நாடு முன்கூட்டியே போதிய எச்சரிக்கை தரவில்லை என்று கேரள அரசு குற்றம்சாட்டியது. முதல்வர் பினராயி விஜயன் தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அணை உடையுமா என்பது ஒன்று. அதற்கு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. உடையாத அணையிலிருந்து நள்ளிரவில் திறக்கும் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகிறது, அவர்களுக்கு எத்தனை மணி நேரம் முன்பு தகவல் போனது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதுக்கும் போதும் என்று நம் கட்டுரை எடுத்துக்கொண்டிருக்கிறது.

காரணம் தேடினால், அது செய்தியாளர் நின்ற இடத்தில் கிடைக்கிறது. குறிப்பேடு முழுக்கக் கம்பமும் தேனியும் தேக்கடியும்தான். பேசியவர்கள் பாசனச் சங்கத்தாரும் பொதுப்பணித் துறையினரும். கேரளத்திலிருந்து வந்த ஒரே குரல், செய்தி நிறுவனம் வழியாகக் கிடைத்த ஓர் அமைச்சரின் அறிக்கை. அணைக்குக் கீழே இருக்கிற ஒருவர்கூடப் பேசவில்லை. வண்டிப்பெரியாறும் பீர்மேடும் தேயிலைத் தோட்ட ஊர்கள். அங்கே தோட்ட வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். “கேரளத் தரப்பு” என்ற இரண்டு சொற்களுக்குள் நாம் அடைத்துவிட்டவர்களில், நம் இதழைப் படிக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். கடிதத்தில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான்.

ஐயா, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 142 அடி வந்ததும் விவசாயிகள் மகிழ்ந்ததாக நாம் எழுதியதை, பிறர் ஆபத்தில் மகிழ்வதுபோல் இருக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது அப்படி இல்லை. 104 அடிக்குக் கீழே உள்ள நீரைத் தமிழ்நாட்டால் எடுக்க முடியாது. சுரங்கப் பாதைக்குள் நீர் ஏற அந்த உயரம் வேண்டும். அதற்கு மேலே நிற்கும் நீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகமும், வைகையைத் தாண்டி மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை பாசனமும் குடிநீரும். மேல்மட்டத்தில் ஏறும் ஒவ்வோர் அடியும் அங்கே இரண்டாம் போகத்துக்கான நம்பிக்கை. உங்கள் காலைப் பத்திரிகை, அணையின் வயதை ஒவ்வொரு செய்தியிலும் சொல்லிவிட்டு, 1979க்குப் பின் நடந்த பலப்படுத்தும் பணிகளைச் சொல்லாமல் விட்டால், அங்கும் இதே கேள்வியை நீங்கள் எழுப்ப வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

ஆசிரியர் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான். “பீதி” வாக்கியத்துக்கு இந்த இதழிலேயே திருத்தம் வர வேண்டும். மட்டாஞ்சேரிக் கடிதம் முழுதாக, வெட்டாமல் வெளியாக வேண்டும். செய்தியாளர் வள்ளக்கடவுக்கும் வண்டிப்பெரியாறுக்கும் போய், 2021 டிசம்பர் இரவுகளைப் பற்றி அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். எச்சரிக்கை யாரிடமிருந்து யாருக்கு, எந்த நேரத்தில் போனது என்பதைத் தமிழ்நாட்டு, கேரள அதிகாரிகள் இரு தரப்பிடமும் கேட்க வேண்டும். அனைத்தையும் ஆசிரியர் ஏற்றிருக்கிறார். திருத்தமும் கடிதமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இந்தப் பதிலில் திருப்தி இல்லையென்றால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு எழுத வாசகருக்கு உரிமை உண்டு. முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். வார இதழ் என்பதால் கட்டுரை வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். உங்கள் கடிதத்தின் நகலையும் என் பதிலையும் அதோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஆசிரியர்