“ஏதும் பிழை விட்டிருந்தால்…”

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஹஜ்ஜுக்குப் போக முன்னரும், நோன்பு வர முன்னரும் நம்மில் பலர் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுகிறோம். “நான் ஏதும் பிழை விட்டிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துக்கொள்ளுங்கள்.” எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த “இருந்தால்” என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். பிழை விட்டேனா இல்லையா என்பதை நான் சொல்லவில்லை, நீங்களே தேடிப் பாருங்கள் என்று அது மற்றவர் தலையில் போட்டுவிடுகிறது. இருநூறு பேருக்கு ஒன்றாகப் போகும் அந்தச் செய்தி, உண்மையில் நோகடிக்கப்பட்ட அந்த ஒருவருக்கு எதையும் சொல்வதில்லை.

பசறைப் பக்கம் ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். தரம் ஒன்பது. இடைவேளையில் கிரிக்கெட். ஆட்டமிழந்தானா இல்லையா என்று வாய்த்தர்க்கம். டவுன் பக்கத்து நம் பிள்ளை ஒருவன், லயத்திலிருந்து வரும் பிள்ளையைப் பார்த்து “போடா தோட்டக்காட்டான்” என்றான். சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள். அடிதடி. அவ்வழியே போன ஆசிரியர் ஒருவர் இருவரையும் பிடித்து, “சொரி சொல்லு, கை குடு” என்றார். சொன்னான். கொடுத்தான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

முடியவில்லை என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. லயத்துப் பிள்ளை விளையாட வருவதில்லை. வகுப்பில் பின் வாங்குக்கு மாறியிருந்தான். டவுன் பிள்ளையைக் கேட்டால், “நான்தான் சொரி சொல்லிட்டேனே சேர், இன்னும் என்ன?” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். சொரி என்றால் சண்டைக்கு அடிக்கும் மணி என்றுதான் நாம் அவனுக்குப் பழக்கியிருக்கிறோம்.

வகுப்பாசிரியையும் நானும் சேர்ந்து அதைத் திரும்ப எடுத்தோம். இருவரையும் முதலில் ஒன்றாக உட்கார வைக்கவில்லை. சொன்னவனிடம் மட்டும் பேசினோம். “பகிடிக்குத்தான் சொன்னேன்” என்றான். பிறகு, “அவனும் என்னத் தள்ளினான்” என்றான். இரண்டையும் கேட்டுக்கொண்டோம். அவன் தள்ளியது வேறு கணக்கு, அதை வேறாகப் பேசலாம் என்று ஒதுக்கி வைத்தோம். பிறகு ஒரே ஒரு கேள்வி: அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது?

அவனுக்குத் தெரியாது. அதனால் சொல்லிக் கொடுத்தோம். இந்த நாட்டின் தேயிலையை உண்டாக்கியவர்களுக்கு, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் “நீங்கள் இந்நாட்டவர் அல்ல” என்றது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. அந்தப் பையனின் பாட்டி நாடில்லாதவராக இருந்து செத்திருக்கவும் கூடும். அவனுடைய அம்மா இன்றும் காலையில் கொழுந்து எடுக்கப் போகிறார். அந்தச் சொல் அவனை மட்டும் சுடவில்லை, அம்மாவின் கூடையையும் சேர்த்துச் சுட்டது. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, என்ன சொல்லப் போகிறாய் என்று எழுதச் சொன்னோம். முதலில் எழுதியது: “நான் சொன்னது உனக்குக் கவலையா இருந்தா சொரி.” மறுபடியும் “இருந்தா”! கவலையாக இருந்ததை நீயே கண்ணால் பார்த்தாய், பிறகு ஏன் “இருந்தா” என்று கேட்டோம். இரண்டாவது: “கோபத்துல சொல்லிட்டேன், மன்னிச்சிடு.” அதில் பிழை கோபத்துடையது, அவனுடையது அல்ல. மூன்றாவதில்தான் வந்தது: “உன்ட அம்மா வாப்பாட வேலையை வச்சு உன்னைக் கேவலமாப் பேசினேன். எல்லாருக்கும் முன்னால பேசினேன். அது பிழை. இனி யாராவது அந்தச் சொல்லைச் சொன்னா நான் நிப்பாட்டுவேன்.” மன்னித்துவிடு என்று அதில் இல்லை. அதை நாங்கள்தான் எடுக்கச் சொன்னோம். கேட்டால் அவன் உடனே பதில் சொல்லியாக வேண்டும், சுமை திரும்பவும் அவன் மேல். அந்தச் சொல்லையும் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றோம். புண்ணைக் காட்ட இன்னொரு தடவை குத்தத் தேவையில்லை.

மன்னிப்பை ஆராய்ந்தவர்களும் இதற்குக் கிட்டத்தான் வருகிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தின் ரோய் லெவிக்கி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் ஆறு பகுதிகளைப் பிரித்து 755 பேரிடம் சோதித்தார்கள். அதிகம் எடுபட்டது “பிழை என்னுடையது” என்று ஏற்பது. அடுத்தது, கெடுத்ததைச் சரிசெய்ய முன்வருவது. கடைசியில் நின்றது “மன்னித்துவிடுங்கள்” என்ற வேண்டுகோள். நாம் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும்தான் சொல்கிறோம்.

சிரித்தவர்களும் இருக்கும்போது, விளையாடும் இடத்திலேயே அவன் அதைச் சொன்னான். லயத்துப் பிள்ளை “ம்” என்றான், அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. சரியானதா என்று எனக்குத் தெரிந்தது சில வாரங்கள் கழித்து: இருவரும் மறுபடி ஆட்டமிழப்புக்காகச் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பயந்து ஒதுங்கிய பிள்ளை சண்டை பிடிக்க வர மாட்டான்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அன்று நம் வீடுகளில் என்ன பேசினோம்? “யார் தீர்மானித்தது, எந்த ஆதாரத்தில் என்று சொல்லாமல் என்ன மன்னிப்பு?” என்றுதானே கேட்டோம்? நியாயமான கேள்வி. அதே கேள்வியை, கடையில் கணக்குப் பார்க்கும்போது தோட்டத்து ஆட்களை அந்தச் சொல்லால் அழைத்துவிட்டு, “சும்மா பழக்கத்துல வந்துட்டு, மனசுல வச்சுக்காதீங்க” என்று சிரிக்கும் நம்மவர்களிடமும் கேட்க வேண்டும்.

பயான்களில் அடிக்கடி கேட்கும் சம்பவம் ஒன்று உண்டு. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைக் குறித்துக் குத்திப் பேசினார். ‘உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது’ என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பேசப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், அபூதர் தரையில் கன்னத்தை வைத்து மிதிக்கச் சொன்னார் என்றும் நாம் உருக்கமாகச் சொல்வோம். புகாரியின் அறிவிப்பில் அந்தப் பெயரும் இல்லை, கன்னமும் இல்லை. இருப்பது அதைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் ரபதாவில் அபூதரைச் சந்தித்த ஒருவர், அவரும் அவருடைய பணியாளும் ஒரே மாதிரி ஆடை உடுத்தியிருப்பதைக் கண்டு காரணம் கேட்கிறார். அப்போது அபூதரே தன் பழைய பிழையை வாய்திறந்து சொல்கிறார். உடுப்பது, உண்பது எதையும் உம் கீழ் உள்ளவருக்கும் கொடும் என்று அன்று கேட்டதை அவர் ஆடையில் சுமந்துகொண்டிருந்தார். கன்னம் ஒரு நிமிடத்துக் காட்சி. ஆடை தினமும் உடுத்த வேண்டியது.

கடைசியாக ஒரு விஷயம். வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்க ஒருவரை வார்த்தையால் அடித்துவிட்டு, இன்பொக்ஸில் மட்டும் போய் “சொரி நானா” என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. குழுவில் சொன்னதற்குக் குழுவில்தான் பதில். ஆனால் தனியாகச் சொன்னதைக் குழுவுக்குக் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்காதீர்கள், அது மற்றவருக்குத் தெரியாத அவமானத்தை ஊருக்கு அறிவிப்பது. மன்னிப்புக் கேட்பதாக இருந்தால், அந்தக் குடும்பத்திடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்: எங்கே, யார் முன்னால் சொல்ல வேண்டும் என்று. சிலர் வேண்டாம் என்பார்கள். அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.