‘ஒரே நம்பர்ல போச்சு தம்பி!’

மயிலாப்பூரில் நான் சட்டை தேய்க்கக் கொடுக்கும் இஸ்திரி வண்டிக்காரர், மதியம் மூன்று மணி ஆனதும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு போனைக் கையில் எடுத்துவிடுவார். கேரள லாட்டரி குலுக்கல் நடக்கும் நேரம் அது. கண்ணாடி கொண்டுவராத ஒருநாள், “தம்பி, கடைசி மூணு நம்பர் என்னன்னு பாத்து சொல்லேன்” என்று போனை என்னிடம் நீட்டினார். 475 என்றேன். “476 வெச்சிருந்தேன். ஒரே நம்பர்ல போச்சு தம்பி!” என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. அவர் வைத்திருந்தது கேரள அரசின் சீட்டும் அல்ல. அங்கே பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து இங்கே திருட்டுத்தனமாக நடக்கும் ‘மூணு நம்பர் லாட்டரி’ அது. எண்ணைச் சொல்லி 60 ரூபாய் கொடுத்தால் போதும். மூன்றும் பொருந்தினால் 25,000 ரூபாய். அவர் ஆடும் இடத்தில் இதுதான் கணக்கு.

அந்தக் கணக்கை அவரோடு சேர்ந்தே போட்டுப் பார்த்தேன். 000-வில் தொடங்கி 999 வரை மொத்தம் ஆயிரம் எண்கள். ஆயிரத்தையும் ஒருவரே வாங்கினால் செலவு 60,000 ரூபாய். அதில் ஒன்று நிச்சயம் விழும்; கைக்கு வருவது 25,000. மீதி 35,000 ரூபாய் சீட்டு நடத்துகிறவருக்கு. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் அவர் பங்கு அவருக்கு வந்துவிடும்.

“ஆயிரத்துல ஒண்ணுதானேண்ணா, தினம் வெச்சா ஆயிரம் நாள்ல ஒருதடவையாவது வந்துடும்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டேன். “பின்ன? வந்துதானே ஆவணும்” என்றார். வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. நேற்று எந்த எண் வந்தது என்பது இன்றைய குலுக்கலுக்குத் தெரியாது. நூறு பேர் ஆயிரம் நாள், அதாவது இரண்டே முக்கால் வருடம், தினமும் ஒரு எண் வைத்தால், அவர்களில் ஏறக்குறைய 37 பேருக்கு ஒருமுறைகூட விழாது. ‘ஒரே நம்பர்ல போச்சு’ என்பதும் அப்படித்தான். 475 வந்த அன்று 476 வைத்தவரும் 012 வைத்தவரும் ஒரே மாதிரி தோற்றவர்கள். ஆனால் பக்கத்து எண் வந்தால், நாம் நெருங்கிவிட்டோம் என்று மனசு நம்பிவிடுகிறது. மறுநாள் 60 ரூபாயை வெளியே எடுக்க வைப்பது அந்த நம்பிக்கைதான்.

இங்கே, முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்தில் திருவள்ளுவருக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவர் பிறந்தது மயிலாப்பூரில்தான் என்பது இந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. சூதைப் பற்றி அவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கும் 94-வது அதிகாரம். ஜெயித்தாலும் வேண்டாம், அந்த ஜெயிப்பு மீன் விழுங்கிய தூண்டில் முள் மாதிரி என்பதுதான் அதில் அவர் சொல்லும் முதல் விஷயம். எப்போதோ 500 ரூபாய் விழுந்ததைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் அந்த முள் புரியும். இழக்க இழக்க ஆசை கூடும் என்பது அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் வருகிறது.

இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு மாசம் பொறந்தா சம்பளம். நீ பேசுவ. இந்த அறுபது ரூபாயை சேத்து வெச்சா நான் என்ன பங்களாவா கட்டப்போறேன்? அறுபது அறுபதாதான் இருக்கும். இதுவாச்சும் ஒருநாள் மாத்திடும்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புல ராத்திரி தூங்கலாம்.”

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. நெருப்புக்கு நடுவில்கூடத் தூங்கிவிடலாம், வறுமையில் தூங்க முடியாது என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான். கரியின் சூட்டில் நாள் முழுக்க நின்று, துணிக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணி வாங்குகிறவருக்கு, சேமித்தால் பணக்காரர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் அது பொய். அவர் சேமித்தாலும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஜூன் மாதம் அவர் தண்டலில் 20,000 ரூபாய் வாங்கியிருந்தார். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 17,000. தினம் 200 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்து வேலை நடக்காத நாளிலும் தண்டல்காரர் வந்து நிற்பார். முந்தைய பத்து மாதங்களில் நம்பருக்குக் கொடுத்ததை எண்ணிப் பார்த்தோம். 300 நாள், 60 ரூபாய், 18,000. ஜூனில் கையில் வாங்கிய கடனைவிட ஆயிரம் ரூபாய் அதிகம்.

இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பங்களா கட்ட உதவாத அந்த அறுபது ரூபாய், தண்டல்காரரை வாசலுக்கு வரவிடாமல் செய்திருக்கும். ஏழைக்கு லாட்டரியால் போவது கோடி ரூபாய் அல்ல. ஜூன் மாதக் கட்டணம் மாதிரி, வரும் என்று முன்பே தெரிந்த ஒரு செலவுக்கான பணம் போகிறது. அதை அடைக்க வாங்கும் கடனுக்கும் அந்த வீடே வட்டி கட்டுகிறது. அந்தக் கடனை ஒரேயடியாக அடைக்க என்ன வழி என்று யோசித்தால், மறுபடியும் மூன்று மணிக் குலுக்கல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆட்டம் கைமீறிவிட்டதை அங்கேதான் கண்டுபிடிக்கலாம். ஆசைக்காக வைத்த எண்ணை, விட்டதைப் பிடிக்க வைக்க ஆரம்பித்துவிட்டாலே ஆபத்து. ஒரு எண் மூன்றாகும், மூன்று பத்தாகும். எவ்வளவு போனது என்பதை வீட்டில் மறைக்கத் தோன்றும். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று சின்னப் பெண் குழந்தைகளோடு அழிந்துபோனது நினைவிருக்கும். கடைசியாக அவர் பேசிய வீடியோவில், தன்னைக் கடனில் தள்ளியது இந்த மூணு நம்பர் லாட்டரிதான் என்றும் அதை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு மனசு உடைந்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

எங்கள் இஸ்திரி அண்ணனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மாதம் 1,800 ரூபாய்க்கு வங்கியில் ஓராண்டு ஆர்.டி. போட்டால் முடிவில் 21,600 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் வரும். இப்போது தொடங்கினால் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குத் தண்டல் வேண்டாம். நடுவில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அந்தப் பணமும் கரையலாம். அப்போதும் அது மருந்துக்குப் போயிருக்கும், சீட்டு நடத்துகிறவருக்குப் போயிருக்காது.

“இன்னைக்கு வெச்சாச்சு தம்பி, நாளைக்குப் பாக்கலாம்” என்றார். அவர் நாளையே விட்டுவிடுவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் போன வாரம் சட்டை வாங்கப் போனபோது, ஆர்.டி. போட ஆதார் மட்டும் போதுமா, பான் கார்டும் வேண்டுமா என்று அவராகவே கேட்டார். இரண்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.