கடைசி ஆண்டில் முதலீடு இல்லை
கடனீட்டுப் பத்திர மீட்புக் கணக்குகளில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கடைசி ஆண்டில்தான். ₹3,00,000 பத்திரங்களை 3 ஆண்டு முடிவில், 5% வட்டி ஈட்டும் கடன் தீர்ப்பு நிதியைக் கொண்டு மீட்பதானால், ஆண்டுதோறும் லாபத்திலிருந்து சுமார் ₹95,163 ஒதுக்க வேண்டும். முதலாண்டில் அது மட்டும் முதலீடாகும். இரண்டாம் ஆண்டில் வட்டி ₹4,758 சேர்ந்து ₹99,921 முதலீடாகும். மூன்றாம் ஆண்டில் ஒதுக்கீடும் வட்டியும் நிதிக்கு வரவு வைக்கப்படும். ஆனால் முதலீடு கிடையாது, பணம் உடனே பத்திரதாரர்களுக்குத் தேவை. பழக்கதோஷத்தில் இங்கும் முதலீட்டுப் பதிவைப் போட்டுவிட்டால், விற்கும் முதலீட்டின் அடக்கம் ₹1,95,084 என்பதற்குப் பதிலாக ஏறக்குறைய ₹3,00,000 ஆகி, இல்லாத நட்டம் ஒன்று முளைக்கும். முதலீடு ₹1,97,000-க்கு விலைபோனால், லாபம் ₹1,916 லாப நட்டக் கணக்குக்கு அல்ல, நிதிக்கே போகும். பத்திரங்களை மீட்டபின் நிதியின் இருப்பு முழுவதும் பொதுக் காப்புக்கு மாற்றப்படும்.