முதல் முறை ஐ.டி.ஆர்: திரையில் 'வரி 0' வந்தால் நம்பிடலாமா?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் சட்டத்தின் வரிசையில் எழுதப்பட்டவை. யார் தாக்கல் செய்யணும், எத்தனை வகைப் படிவம், என்னென்ன கழிவு என்று போகும். படிக்கிறவர் தனக்கு வேண்டிய இடத்துக்குத் தாவிக்கொள்ளலாம். வீடியோ பார்க்கிறவர் அப்படி இல்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு, லேப்டாப்பில் கூடவே கிளிக் பண்ணுவார். அதனால் வழிகாட்டியை வீடியோ ஸ்கிரிப்டாக மாற்றும்போது திரையில் வரும் வரிசைக்கு மாற வேண்டும். ஆனால் போர்ட்டலைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "இந்த நிதியாண்டுல கம்பெனி மாறுனீங்களா?"

ஏன் இந்தக் கேள்வி? கோவை சரவணம்பட்டி பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கம்பெனியில் மாதம் 60,000 ரூபாய். அக்டோபரில் வேறு கம்பெனி, மாதம் 75,000. ஆறு மாதத்துக்கு முதல் கம்பெனி கொடுத்தது 3,60,000; இரண்டாவது கொடுத்தது 4,50,000.

புதிய வரி முறையில், 2024-25 நிதியாண்டுக்கு, நிலையான கழிவு 75,000 ரூபாய். அது போக வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். இரண்டு கம்பெனியும் தங்கள் சம்பளத்தை மட்டும் பார்த்ததால் டி.டி.எஸ். பிடிக்கவே இல்லை. சம்பளதாரரும் "நமக்கு வரியே இல்லைங்க" என்று நினைத்திருப்பார்.

இரண்டையும் கூட்டினால் 8,10,000. நிலையான கழிவு ஒரே ஒரு முறைதான். மிச்சம் 7,35,000. 7 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போச்சு. 3 முதல் 7 லட்சம் வரைக்கு 5 சதவீதம், அதாவது 20,000. மேலே உள்ள 35,000-க்கு 10 சதவீதம், அதாவது 3,500. 4 சதவீத செஸ் 940 சேர்த்தால் மொத்தம் 24,440 ரூபாய். வட்டி தனி.

இரண்டாவது கம்பெனியின் ஃபார்ம் 16-ஐ மட்டும் பார்த்து நிரப்பினால் திரையில் 'வரி 0' என்றுதான் வரும். டி.டி.எஸ். பிடிக்காத பழைய கம்பெனி ஃபார்ம் 16 கொடுக்காமலும் இருக்கலாம். முன்கூட்டியே நிரப்பி வரும் விவரத்திலும் அந்தச் சம்பளம் விட்டுப்போகலாம். அப்போது சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் வைத்துக் கூட்டணும்.

ஸ்கிரிப்டின் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

காட்சி 1. மேசையில் சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16.
குரல்: "லாகின் பண்றதுக்கு முன்னாடி, ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் 12 மாசச் சம்பளமும் கையில இருக்கான்னு பாருங்க. எத்தனை கம்பெனியோ அத்தனையும் வேணுங்க."

காட்சி 2. போர்ட்டலில் `AIS` பக்கம்.
குரல்: "இதுல இருக்கிற சம்பளமும் நீங்க கூட்டுன தொகையும் ஒண்ணா இருக்கா? இல்லைன்னா வீடியோவை நிறுத்திட்டு, எந்த மாசம் விட்டுப்போச்சுன்னு கண்டுபிடிங்க."

காட்சி 3. `e-File > Income Tax Returns > File Income Tax Return`
குரல்: "வருஷம் கேக்கும். `2025-26`-ஐத் தேர்ந்தெடுங்க. 2024-25-ல சம்பாதிச்சதுக்கு இதுதான் மதிப்பீட்டு ஆண்டு."

பட்டன் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். 'சமர்ப்பிக்கவும்' என்று குரல் சொன்னால், பார்ப்பவர் திரையில் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

வரி கட்ட வேண்டி வந்தால், கட்டிய பிறகே தாக்கல் செய்யும் காட்சி வர வேண்டும். வீடியோ அந்த இடத்தோடு முடிந்துவிடவும் கூடாது. பலர் நின்றுவிடுவது இங்கேதான். தாக்கல் செய்த 30 நாளுக்குள் `e-Verify` செய்யணும்; ஆதார் ஓ.டி.பி. போதும். விட்டுவிட்டால் கணக்கு தாக்கலானதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கெடு கடந்து சரிபார்த்தால் அந்த நாளே தாக்கல் தேதியாகும். கடைசி நாளும் தாண்டியிருந்தால், நம் உதாரண நபருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

ஏற்கெனவே ஒரு சம்பளத்தை விட்டுவிட்டுத் தாக்கல் செய்தவர்களுக்கும் வீடியோவில் ஒரு காட்சி வேண்டும். 2024-25 வருமானத்துக்குத் திருத்திய கணக்கு தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. இந்த வருடம் வேலை மாறுகிறவர்கள், பழைய சம்பள விவரத்தைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டையும் கூட்டி மாதாமாதம் டி.டி.எஸ். பிடித்துவிடுவார்கள், மொத்தமாகக் கட்டும் நிலை வராதுங்க.