மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் அந்த அளவு எது? குணந்தரும் அளவிலிருந்து எவ்வளவு தூரம் சென்றால் நஞ்சாகும்? இதனை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே ஆராய்ந்துதான் அறிதல் வேண்டும். நஞ்சூட்டும் அளவைக் குணந்தரும் அளவால் வகுக்க வருவதே சிகிச்சைச் சுட்டி. எண் பெரிதாயின் இடைவெளி அகலம், சிறிதாயின் ஒடுக்கம்.

பெனிசிலின் அகன்ற இடைவெளியுடையது. ஒவ்வாமை இல்லாதவருக்கு அளவு சிறிது மிகுந்தாலும் பெரும்பாலும் கேடில்லை. இருதய மருந்தாகிய டிஜொக்சின் அப்படியன்று. அது ஏன் என்பதற்கு நம் வேலியோரத்து மஞ்சள் அலரியே சான்று.

அலரியின் விதையிலுள்ள இரசாயனங்களும் டிஜொக்சினும் ஓரினத்தன. இருதயத் தசையின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உட்கொணரும் பொறி ஒன்றுண்டு. இம்மருந்துகள் அப்பொறியைத் தடுக்கின்றன. சிறிது தடுத்தால் உயிரணுவினுள் கல்சியம் மிகுந்து இருதயம் வலிமையாய்ச் சுருங்கும். மேலும் தடுத்தால் துடிப்பின் ஒழுங்கே குலைந்துவிடும். குணமும் கேடும் ஒரே செயலின் இரு படிகள் ஆதலின், இடைவெளி ஒடுங்கியே இருக்கிறது.

செடியாக உண்ணும்போது இன்னுமொரு இடர் சேர்கிறது. ஒரு மரத்து விதைக்கும் மற்றொரு மரத்து விதைக்கும் வீரியம் ஒன்றன்று. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர், டிஜொக்சின் இனத்து மருந்து தரும் மற்றொரு செடியாகிய டிஜிற்றாலிசை ஆராய்ந்து 1785இல் நூல் வெளியிட்டார். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுவதைக் கண்டு, செடி பூக்குங் காலத்தில் பறித்த இலையையே அவர் பயன்படுத்தினார். இடைவெளி ஒடுங்கிய பொருளில் வீரியமும் நிலையற்றதாயின் எவராலும் அளந்து கொடுக்க இயலாது. யாழ்ப்பாணத்தில் அலரி நஞ்சுண்ட 170 பேரைப் பற்றிய ஆய்வு 1988இல் வெளிவந்தது. இதற்கான மாற்று மருந்தைக் கொழும்பில் நோயாளரிடம் சோதித்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எவரேனும் அலரியை உட்கொண்டுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சரியாக அளந்த மாத்திரையிலும் இடைவெளி சுருங்குவதுண்டு. முதியவர் ஒருவர் நாள்தோறும் ஒரே அளவு டிஜொக்சின் உட்கொள்கிறார் என்று கொள்வோம். சிறுநீரகம் நலமாயிருப்பவரின் உடலில் சுமார் ஒன்றரை நாளில் மருந்தின் பாதி கழியும். இருதயத் தளர்ச்சிக்கு இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை மருந்து இருத்தல் விரும்பத்தக்கது. நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இவருக்கு 0.9 இருந்தது எனக் கொள்வோம். வயது முதிர்ந்து சிறுநீரகம் தளர்கிறது. மருந்து பாதியாகக் கழிய இப்போது மூன்று நாள் ஆகிறது. மாத்திரை அதுவேயாயினும் இரத்தத்தில் அளவு மெல்ல மெல்ல இருமடங்காகி 1.8ஐ எட்டும். 2ஐக் கடந்தால் நச்சுக் குறிகள் பெரும்பாலும் தோன்றும். எவரும் அளவை மிஞ்சவில்லை, உடல்தான் மாறிற்று.

இனி, மூலிகைக்கு வருவோம். இதே முதியவர் இருமலுக்கென அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொள்கிறார் என்க. அது உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீரிறக்கும் மாத்திரைகளிற் பலவும் அவ்வாறே செய்யும். பொட்டாசியம் குறைந்தால் டிஜொக்சின் முற்கூறிய பொறியை இன்னும் இறுகப் பற்றும். ஆகவே இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறாமலே நச்சுக் குறிகள் தோன்றலாம். அதிமதுரம் தன்னளவில் நஞ்சன்று. ஆயினும் மற்றொரு மருந்தின் இடைவெளியை அது ஒடுக்கிவிடுகிறது.

பசியின்மை, குமட்டல், வாந்தி, களைப்பு, நாடித்துடிப்பு மந்தமாதல், காண்பன மஞ்சளாய்த் தோன்றுதல் என்பன கவனிக்க வேண்டிய குறிகள். முதியவரின் பசியின்மையை வயதின் குற்றமென விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். டிஜொக்சின் உட்கொள்பவராயின், அன்றே வைத்தியரிடம் தெரிவித்து இரத்தத்தில் மருந்தின் அளவு, பொட்டாசியம், சிறுநீரக நிலை ஆகிய மூன்றையும் பார்ப்பிக்க வேண்டும். இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு ஆறு மணி நேரமாவது கழிந்த பின்னரே. முன்னதாக எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.

மருந்துக் கடையில் வாங்குவதாயினும் கொல்லையிற் பறிப்பதாயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதன் இடைவெளி எவ்வளவு, எனக்கு அது ஒடுங்கியிருக்கிறதா? வைத்தியரிடம் செல்கையில் மாத்திரைகளோடு கசாயப் பொட்டலத்தையும் எடுத்துச் சென்றால், அவர் அதற்கு விடை கூற இயலும்.